தையல் மிஷினின் எண்களும் அம்புக்குறிகளும்

சிங்கர் 15 வகையைச் சேர்ந்த பழைய கறுப்புத் தையல் மிஷினைப் படமெடுத்தால் அதில் இரண்டு எண் வரிசைகள் தெரியும். வலது பக்கம், நெம்புகோல் ஒன்று மேலும் கீழும் நகரும் தகட்டில் 6, 8, 10, 12, 15, 20, 30 என்று பொறித்திருக்கும். இடது முனையில் உள்ள சிறு வட்டக் குமிழில் 0 முதல் 9 வரை இருக்கும். கூடவே கையேட்டின் நூல் கோர்க்கும் வரைபடமும் இருந்தால், அதில் அம்புக்குறிகள் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்ளும். புதிதாகத் தைக்க வருபவர் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் குழம்புவது வழக்கம். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு ஒரு காரணத்திலிருந்து பிறந்தது.

வலப்பக்கத் தகட்டில் உள்ளவை ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்ற எண்ணிக்கை. ஆகவே எண் கூடக் கூடத் தையல் சிறுக்கும். 6-இல் வைத்தால் ஒரு தையல் ஏறக்குறைய 4.2 மி.மீ. நீளம், 10-இல் 2.5 மி.மீ.; 30-இல் 0.85 மி.மீ. மட்டுமே. இன்றைய மிஷின்களில் இது தலைகீழ். அவற்றின் டயலில் உள்ள 1, 2, 3, 4 பெரும்பாலும் மில்லிமீட்டரில் தையலின் நீளம். அங்கே எண் கூடினால் தையல் நீளும். ஒன்றை மற்றதாக மாற்ற 25.4-ஐ எண்ணால் வகுத்தால் போதும்.

படம் மங்கி எண்கள் சரியாகத் தெரியாதபோதும் எந்த அளவு என்று கண்டுபிடிக்க வழி உண்டு. கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். 6-க்கும் 8-க்கும் இடையே தையல் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறுகிறது. 20-க்கும் 30-க்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட மாறுவதில்லை. அதனால் அங்குலக் கணக்குத் தகட்டில் பெரிய எண்கள் ஒரு முனையில் நெருங்கிக் கிடக்கும். மில்லிமீட்டர் டயலில் கோடுகள் ஏறக்குறைய சம தூரத்தில் நிற்கும்.

இந்த எண்களின் மூலத்தைத் தேடினால், முதல் மிஷின்களில் இப்படி ஒன்று இருக்கவே இடமில்லை என்பது தெரிகிறது. இலையஸ் ஹோ 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மிஷினில், துணியை ஒரு தகட்டின் முட்களில் மாட்டித் தொங்கவிட்டார்கள். தகடு ஓடி முடிந்ததும் நிறுத்தி, துணியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ஆலன் வில்சன் 1854-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் ஊசிக்குக் கீழே இருக்கும் பல். அது மேலெழும்பித் துணியைப் பிடிக்கும், முன்னே தள்ளும், கீழிறங்கும், வெறுமையாகத் திரும்பும். நெம்புகோல் இந்த நான்கு அசைவுகளில் தள்ளும் தூரத்தை மட்டுமே மாற்றுகிறது. ஊசியின் வேகத்துக்கும் நூலின் இறுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெம்புகோலை எதிர்ப்பக்கம் தூக்கினால் தள்ளும் திசை மாறி, மிஷின் பின்னோக்கித் தைக்கும்.

தகடு சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். 12-இல் வைத்து, தைக்கப்போகும் துணியிலேயே ஒரு துண்டில் தைத்து, ஓர் அங்குலத்தை அளந்து எண்ணிப் பார்க்கலாம். தடித்த துணி சற்றே வழுக்குவதால் 13, 14 வரக்கூடும். அது மிஷினின் பழுதல்ல.

இடப்பக்கக் குமிழின் 0 முதல் 9 வரையிலான எண்கள் எந்த அளவையையும் சேர்ந்தவை அல்ல. நூல் இரண்டு சிறு வட்டத் தட்டுகளின் நடுவே போகிறது. ஒரு ஸ்பிரிங் அவற்றை நெருக்குகிறது. குமிழ் அந்த ஸ்பிரிங்கை இறுக்குகிறது. ஒரு மிஷினின் 4 இன்னொன்றின் 4 ஆகாது. பிடித்த இறுக்கத்துக்கு மறுபடி திரும்ப ஓர் அடையாளம், அவ்வளவே.

இனி வரைபடம். நூல் கண்டிலிருந்து கிளம்பி, மேலுள்ள வளையம் வழியாக, டென்ஷன் தட்டுகளுக்கு இடையே புகுந்து, பக்கத்துச் சிறு ஸ்பிரிங்கில் மாட்டி, மேலும் கீழும் ஆடும் டேக்-அப் லீவரின் துளையில் நுழைந்து, மறுபடி கீழிறங்கி ஊசியின் கண்ணுக்கு வருகிறது. இந்தச் சுற்றுவழி வீணல்ல. ஊசி அடிமட்டத்திலிருந்து சற்றே எழும்போது நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. அடியில் உள்ள கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. அதற்கு நிறைய நூல் வேண்டும். பிறகு அத்தனையும் திரும்ப இழுக்கப்பட வேண்டும். கொடுப்பதும் இழுப்பதும் டேக்-அப் லீவரின் வேலை. அந்தத் துளையை விட்டுவிட்டுக் கோர்த்தால் சில தையல்களிலேயே அடியில் நூல் சிக்கி மிஷின் நின்றுவிடும்.

தட்டையான வரைபடம் காட்டத் தவறும் இடம் தட்டுகளின் நடுப்பகுதி. நூல் தட்டுகளுக்கு இடையே இருக்கிறதா, மேலே சும்மா படிந்திருக்கிறதா என்பது கோட்டில் தெரியாது. பிரஷர் ஃபுட்டைத் தூக்கியிருக்கும்போது தட்டுகள் தளர்ந்திருக்கும். அப்போதுதான் கோர்க்க வேண்டும். கோர்த்தபின் ஃபுட்டைக் கீழிறக்கி ஊசிப் பக்கம் நூலை இழுத்தால் கெட்டியாக வர வேண்டும். தூக்கினால் இலகுவாக வர வேண்டும். இரண்டு நிலையிலும் இலகுவாக வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை.

ஒரு மாதிரித் தையலை எடுத்துக்கொள்வோம். மேல் நூல் சிவப்பு, பாபின் நூல் வெள்ளை. துணியின் மேற்பக்கம் ஒழுங்காக இருக்கிறது. அடியில் சிவப்பு நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. கோளாறு அடியில் தெரிவதால் புதியவர் பாபின் கேஸின் திருகில் கைவைப்பார். அது தவறான இடம். அடியில் தொங்குவது மேல் நூல். ஆகவே இறுக்கம் குறைந்தது மேலே. முதலில் ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் வளையம் இருந்தால் மட்டும் குமிழை ஓரிரு எண் கூட்டலாம். மாறாக வெள்ளை நூல் புள்ளி புள்ளியாக மேலே எட்டிப்பார்த்தால், குமிழைக் குறைக்க வேண்டும்.

வரைபடத்தின் கடைசி அம்பு ஊசிக்கண்ணில் நுழையும் திசையைச் சொல்கிறது. 15 வகையில் அது வலமிருந்து இடம். இன்றைய வீட்டு மிஷின்களில் முன்னிருந்து பின். இந்த வேறுபாட்டின் மூலம் கொக்கி இருக்கும் இடம். ஊசியின் மேல் முனையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். அந்தப் பக்கம்தான் கொக்கியை நோக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நீண்ட பள்ளம் ஓடுகிறது; நூல் அதில் படிந்து இறங்கி, அந்தப் பக்கமிருந்தே கண்ணில் நுழையும். 15 வகையில் பாபின் கேஸ் இடப்பக்கமிருந்து மாட்டப்படுவதால் கொக்கியும் இடப்பக்கம், ஊசியின் தட்டைப் பக்கமும் இடது. ஊசியைத் திருப்பி மாட்டினால் கண்ணி கொக்கியின் எதிர்ப்புறம் விழும், கொக்கிக்கு எதுவும் அகப்படாது, தையலே விழாது. வேறு மிஷினுக்கான காணொளியைப் பார்த்துக் கோர்ப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒரு படத்தை அனுப்பி விளக்கம் கேட்பவர்கள் தகட்டையும் குமிழையும் மட்டும் எடுத்தால் பாதிதான் தெரியும். ஊசியை நெருங்கி ஒரு படம், நூல் தட்டுகளுக்குள் போகும் இடத்தை இடப்பக்கமிருந்து ஒரு படம், இரண்டு நிற நூலில் தைத்த துண்டின் மேலும் அடியும், இவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.