புரை முற்றட்டும் என்று காத்திருப்போருக்கு



மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடம் ஊர்ப் பெரியவர்கள் கண்ணைப் பற்றி வந்து சொல்லும் செய்தி பெரும்பாலும் மகிழ்ச்சியான செய்தியாகவே இருக்கும். “அஜ்ரத், இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமலேயே குர்ஆன் ஓதுகிறேன், அல்லாஹ் பார்வையைத் திருப்பித் தந்துவிட்டான்” என்பார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இப்படிச் சொல்லும்போது நாம் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, உடனே ஒரு கேள்வியையும் கேட்பது வழக்கம்: “மிஹ்ராபின் மேலே எழுதியிருப்பது பின்வரிசையிலிருந்து தெரிகிறதா?” தெரிவதில்லை என்பதே அநேகமாகப் பதிலாக இருக்கும்.

இதன் காரணம் எளிது. நம் கண்ணுக்குள் கண்மணிக்குப் பின்னால் தெளிந்த லென்ஸ் ஒன்று இருக்கிறது. வயதாக ஆக அதன் நடுப்பகுதி இறுகி மஞ்சளாகிறது. இறுகும்போது அது ஒளியை முன்னைவிட அதிகமாக வளைக்கிறது. அதனால் நாற்பது வயதில் வந்த வெள்ளெழுத்துக்கு அந்தக் கண்ணே ஒரு படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. கிட்டத்திலிருப்பது தெளிகிறது, தொலைவிலிருப்பது மங்குகிறது. அது கண்புரையின் தொடக்கம். சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்து அந்தக் கிட்டப்பார்வையும் மங்கத் தொடங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசும். வெள்ளைச் சட்டை பழுப்பாகத் தோன்றும். கண்ணாடியின் எண்ணை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். வலி இராது. வலி இல்லாததுதான் பலரைத் தள்ளிப்போட வைக்கிறது.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெரியவர், துணிக்கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஐந்து வேளையும் பள்ளிவாசலில் இருப்பவர், அறுபத்தெட்டு வயதில் இப்படித்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மறு ஆண்டு ஒரு முகாமில் பரிசோதித்த மருத்துவர் இரு கண்களிலும் புரை இருப்பதாகவும், வலக்கண்ணில் அது மிகுதி என்றும், அறுவை செய்துகொள்ளும்படியும் கூறினார். ரமளான் முடியட்டும் என்றார் பெரியவர். ரமளான் முடிந்தபின், “நன்றாக முற்றட்டும், முற்றினால்தான் எடுக்க எளிது என்று எங்கள் வாப்பா சொல்வார்கள்” என்றார்.

அவருடைய வாப்பா சொன்னது அக்காலத்துக்குச் சரிதான். அன்று லென்ஸை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். பார்வை ஏறக்குறைய முழுதும் போன பிறகு செய்தால்தான் அந்த மாற்றம் இலாபம். இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியே கேளா ஒலியால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரித்து வைக்கிறார்கள். 1992 இல் மதுரையில் தொடங்கிய அரோலேப், இந்த லென்ஸ்களை நம் நாட்டிலேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியபின், ஏழைக்கும் அது எட்டியது. இந்த முறைக்கு முற்றிய புரை உதவி அன்று, இடையூறு. கல்லாய் இறுகியதை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும். சில வேளை பெரிய வெட்டே போட நேரும். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டதா என்பதே இன்று கேட்கப்படும் கேள்வி. புரை எவ்வளவு வெண்மை என்பதன்று.

பெரியவருக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. முற்றிய புரை சிலருக்கு நீரேறி வீங்கும். வீங்கிய லென்ஸ் கருவிழிப் படலத்தை முன்னால் தள்ளி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலையை அடைத்துவிடும். ஊற்று நிற்பதில்லை, வடிகால் இல்லை, அழுத்தம் ஏறுகிறது. ஓர் இரவு இஷாவுக்குப் பின் அவருக்கு வலப்புற நெற்றி பிளப்பதுபோல் வலித்தது. டியூப்லைட்டைச் சுற்றி வானவில் வளையம் தெரிவதாகச் சொன்னார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். கண் சிவந்திருந்தது. வீட்டார் பித்தம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயமும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வாந்தி வந்தால் வயிற்றைத்தானே நினைப்போம்! மூன்றாம் நாள் கண் மருத்துவமனையில் அளந்தபோது அழுத்தம் 52. இயல்பாக அது 10 முதல் 21 வரை இருக்க வேண்டும். மருந்தேற்றி அழுத்தத்தைத் தணித்து, பின்னர் லென்ஸையும் அகற்றினார்கள். ஆனால் அந்த மூன்று நாளில் பார்வை நரம்பு நசுங்கிவிட்டது. வலக்கண் இப்போது முன்னால் ஆட்டும் கையை மட்டும் அறிகிறது. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். நரம்பு போனால் திரும்பாது. சிவந்த கண், கடும் வலி, விளக்கைச் சுற்றி வளையம், வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் அது அன்றிரவே செல்ல வேண்டிய நோய்.

மங்கலெல்லாம் புரை என்று எண்ணிக் காத்திருப்பதில் வேறொரு தீங்கும் உண்டு. மற்ற நோய்கள் அதன் நிழலில் ஒளிந்துகொள்கின்றன. இதற்கு நாம் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வழி உண்டு. படிக்கும் கண்ணாடி இருந்தால் அணிந்துகொண்டு, முஸ்ஹஃபை விரித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, பக்கத்தைச் சுற்றியுள்ள கோட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால். சட்டத்தின் கோடு நெளிந்து தெரிந்தாலோ, நடுவில் ஓர் எழுத்து மட்டும் அழிந்தாற்போல் இருந்தாலோ, அது புரையன்று, விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு. சில நாட்களுக்குள் காட்ட வேண்டும். திடீரென மின்னல்கள் தெரிந்து, கரும்புள்ளிகள் பெருகி, ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல் இருந்தால் விழித்திரை கழல்கிறது. அன்றே செல்ல வேண்டும். வழக்கமான கண் அழுத்த நோயோ எந்த அறிகுறியும் காட்டாமல் ஓரப் பார்வையைத் தின்னும். அதைச் சோதனையால் மட்டுமே அறியலாம்; உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ அது இருந்தவர்கள் நாற்பதிலேயே காட்டுவது நல்லது. சர்க்கரை நோயாளிக்குப் பார்வை நன்றாயிருந்தாலும், ஆண்டுக்கொரு முறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். அன்று சில மணி நேரம் பார்வை கலங்கும். ஸ்கூட்டரை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

பெரியவர்கள் தள்ளிப்போடுவதற்கு அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: வுளூவும் ஸஜ்தாவும். அறுவைக்குப் பின் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது என்பார்கள். எத்தனை நாள் என்பது கண்ணுக்கும் முறைக்கும் ஏற்ப மாறும்; உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு. அந்நாட்களில் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழலாம்; ருகூவைவிட ஸஜ்தாவுக்குத் தலையைச் சற்றே கூடுதலாகத் தாழ்த்தினால் போதும். முகத்தில் கழுவ முடிந்த இடத்தைக் கழுவி, முடியாத இடத்துக்கு ஹனஃபிகள் ஈரக் கையால் தடவுவர். அதுவும் கெடுதி எனில் விட்டுவிடலாம். ஷாஃபிகள் அதற்காகத் தயம்மும் சேர்த்துக்கொள்வர். கண்ணில் விடும் சொட்டு மருந்து இவ்விரு மத்ஹபிலும் நோன்பை முறிப்பதில்லை. கண் அழுத்தத்துக்குச் சொட்டு விடுவோர் நோன்பென்று பகலில் அதை நிறுத்துவது வீண் ஆபத்து.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் ஒரு மஃரிபுக்குப் பின் அமர்ந்து விளக்கினோம். இடக்கண்ணுக்கு ஷஃபான் தொடக்கத்தில் நாள் குறித்தார். பத்து நாள் நாற்காலியில் தொழுதார். ரமளானில் தராவீஹுக்கு முதல் வரிசையில் நின்றார். பள்ளியின் சுவர் நீல நிறம் என்பது இப்போதுதான் தெரிகிறது என்றார். பச்சை என்றே எண்ணியிருந்தாராம்.