வேப்பமரம்

"உங்க வீட்டு வாசல்ல இருக்கிற வேப்பமரம் சூப்பரா இருக்கு."

இந்த ஒரு வரியை இரண்டு பேர் 'பிரச்சினை இல்லை' என்று குறித்தார்கள். நான் 'மிரட்டல்' என்று குறித்தேன். மூன்று பேரில் இரண்டு பேர் சொல்வதே விடை என்பது எங்கள் விதி. ஆகவே இந்த வரி பிரச்சினை இல்லாத வரியாகக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது.

பக்கத்து மேசைத் தம்பியிடம் கேட்டேன். "மரத்தப் பத்தித்தானக்கா பேசறான்?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் திரையில் அந்த ஒரு வரி மட்டும்தான் இருந்தது. என் திரையிலும் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அந்த வீடு எதுவென்று இவனுக்கு எப்படித் தெரியும் என்பது.

ஒரு டேட்டிங் செயலிக்காகச் சென்னையில் நாங்கள் செய்த வேலை இது. பெண்கள் ரிப்போர்ட் செய்த உரையாடல்களும் சாதாரண உரையாடல்களும், பெயரும் எண்ணும் நீக்கப்பட்டு, வரி வரியாக எங்களிடம் வரும். ஒவ்வொன்றையும் படித்துக் குறியிட வேண்டும். இங்கே எழுதும் வரிகளில் சொற்களை மாற்றியிருக்கிறேன்; விஷயத்தை மாற்றவில்லை.

நாங்கள் சேர்வதற்கு முன் அந்தச் செயலியில் இருந்தது ஒரு சொற்பட்டியல். வசவுச் சொற்களை வரிசையாக எழுதி வைத்து, செய்தியில் அவற்றில் ஒன்று வந்தால் நிறுத்துவது. எளிமையானது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் எந்தச் சொல்லுக்காக என்று காட்டும். புதிதாக ஒரு வசவு கிளம்பினால் அன்று மாலையே சேர்த்துவிடலாம். இந்த இரண்டு நன்மைகளையும் நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். அம்மாவை இழுக்கும் அந்த வசவைப் பட்டியலில் சேர்த்ததும் என்ன ஆனது என்று பாருங்கள்.

```
re.search(r"otha", "motham evlo aachu")
re.search(r"\botha\b", "motham evlo aachu")
re.search(r"\botha\b", "othaaa")
```

முதல் வரி, ஹோட்டல் பில்லைப் பிரித்துக்கொள்ள "மொத்தம் எவ்ளோ ஆச்சு" என்று கேட்டவரைப் பிடித்துவிடும். மொத்தத்துக்குள் அந்த வசவின் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன, கொத்தமல்லிக்குள்ளும்தான். தனிச் சொல்லாக வந்தால் மட்டும் பிடி என்று இரண்டாவது வரியில் திருத்தினால் மொத்தம் தப்பிக்கும். ஆனால் மூன்றாவது வரியில் கடைசி எழுத்தை இரண்டு முறை கூடுதலாகத் தட்டியவனும் தப்பிவிடுகிறான். ஒரே வசவைப் பத்து விதமாக எழுதும் ஊரில் பட்டியல் எப்போதும் பின்னால்தான் ஓடிவரும்.

இதைவிடப் பெரிய கோளாறு வேறு. பட்டியலில் சிக்கிய செய்திகளைத் தனியாக எடுத்துப் படித்தபோது, அவற்றில் பல பெண்கள் எழுதியவை என்று தெரிந்தது. "போடா நாயே, இனிமே மெசேஜ் பண்ணாத." "என்னை அந்த வார்த்தை சொன்ன இல்ல, இந்தா ஸ்க்ரீன்ஷாட்." கோபப்பட்டவள் சிக்கினாள். தனக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொன்னவளும் சிக்கினாள். அவளைக் கோபப்படுத்தியவன் நல்ல தமிழில், "ங்க" போட்டுப் பேசியிருந்தான். "உங்க ஃபோட்டோலாம் பத்திரமா வச்சிருக்கேங்க. உங்க அப்பா எந்த ஆபீஸ்னும் தெரியும்." இதில் எந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்ப்பது? அப்பாவையா, ஃபோட்டோவையா, பத்திரத்தையா?

அதனால்தான் மாடலைப் பயிற்றுவிக்கப் போனோம். முரில் என்று ஒரு மொழி மாடலைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. இந்திய மொழிகளை அவற்றின் எழுத்திலும், ஆங்கில எழுத்திலும் படித்துப் பழகியது. சொல்லை முழுதாகப் பார்க்காமல் சிறு துண்டுகளாக உடைத்துப் பார்ப்பதால், கடைசி எழுத்தை நீட்டித் தட்டியவன் அதனிடமிருந்து எளிதில் தப்ப முடியாது. அதன் மேல் நாங்கள் குறியிட்ட வரிகளைக் கொடுத்தால், எந்த மாதிரி வரிக்கு எந்தக் குறி என்று கற்றுக்கொண்டு, புதிய வரிக்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு எண் தரும்.

பொதுவெளியில் கிடைக்கும் தமிழ் வசவுத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தோம். திராவிட மொழிகளுக்காக 2021-இல் நடந்த ஓர் ஆய்வுப் போட்டிக்குத் தமிழ், மலையாளம், கன்னட யூடியூப் கமெண்டுகளைத் தொகுத்துக் கொடுத்திருந்தார்கள். நல்ல உழைப்பு. ஆனால் சினிமா டிரெய்லருக்குக் கீழே ஊரறியக் கத்துகிற வசவு வேறு. இரவு பதினொரு மணிக்கு ஒருத்தியிடம் தனியாகப் பேசுகிற குரல் வேறு. முன்னதை மட்டும் படித்த மாடல், பின்னதைக் கேட்கத் தெரியாமல்தான் இருந்தது.

எங்கள் வரிகளைக் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. "டி" என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அதைச் சேர்க்கவே முடியாது. தோழிகளும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மாடல் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தது. "சாப்டியாடி" என்பதற்குக் குறைந்த எண்ணும் "ஓவரா பேசறடி, பாத்துக்க" என்பதற்குக் கூடுதல் எண்ணும் கொடுத்தது.

எவ்வளவு தேறியது என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். புரிவதற்காக எண்களைச் சுலபமாக்கிக்கொள்கிறேன். ஆயிரம் செய்திகளில் 20 மோசமானவை என்று வையுங்கள். பட்டியல் அந்த 20-இல் 8-ஐப் பிடிக்கிறது. நல்ல செய்திகளில் 12-ஐயும் தவறாக நிறுத்துகிறது. மாடல் 15-ஐப் பிடிக்கிறது. 10-ஐத் தவறாக நிறுத்துகிறது. 'மொத்தத்தில் எத்தனை சரி' என்று கேட்டால் பட்டியலுக்கு 97.6 சதவீதம், மாடலுக்கு 98.5. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் எல்லாச் செய்திகளையும் 'பிரச்சினை இல்லை' என்று விட்டுவிடும் ஒரு நிரலுக்கு 98 சதவீதம் கிடைக்கும். அதாவது, ஒன்றுமே செய்யாமலிருப்பது பட்டியலைவிடச் சரியானது என்று அந்த எண் சொல்கிறது. நல்ல செய்திகள் ஏராளமாக இருப்பதால் வரும் மயக்கம் இது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: மோசமான 20-இல் எத்தனையைப் பிடித்தாய்? நீ நிறுத்தியவற்றில் எத்தனை உண்மையிலேயே மோசமானவை? பட்டியல் 20-இல் 8-ஐப் பிடித்தது. நிறுத்திய 20-இல் 8 மட்டுமே சரி. மாடல் 20-இல் 15-ஐப் பிடித்தது. நிறுத்திய 25-இல் 15 சரி. இப்போதுதான் இடைவெளி தெரிகிறது.

ஆனாலும் வேப்பமரம் தப்பித்துக்கொண்டேயிருந்தது. நாங்களே அதை நல்ல வரி என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். அது வேறு என்ன செய்யும்?

அந்த உரையாடலை முழுதாகத் திறந்து பார்க்க அனுமதி கேட்டேன். அவள் நான்கு நாட்கள் பேசியிருந்தாள். எந்த ஏரியா என்றுகூட எங்கும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், "சாரி, எனக்கு இது செட் ஆகாது, இனிமே மெசேஜ் பண்ணாதீங்க" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஏழு செய்திகள். குட் மார்னிங். ஒரு பூ. சாப்டாச்சா. ஏன் பதில் இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன். சரி விடுங்க. ஏழாவது, வேப்பமரம். ஏழிலும் ஒரு கெட்ட சொல் கிடையாது.

தம்பியிடம் முழுதையும் காட்டினேன். படித்து முடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வீட்டுக்கு வந்திருக்கான்க்கா" என்றான்.

அதற்குப் பிறகு மாடலுக்கும் ஒற்றை வரியாகக் கொடுக்காமல், முந்தைய பத்துச் செய்திகளையும், ஒவ்வொன்றையும் எழுதியது யார் என்ற அடையாளத்தையும் சேர்த்துக் கொடுத்தோம், குறியிடுகிறவர்களுக்கும் அப்படியே. இம்முறை வேப்பமரத்துக்கு எண் ஏறியது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஏன் ஏறியது என்று பட்டியலைப் போல மாடல் சொல்லாது. நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு எண் என்னாகிறது என்று பார்த்தேன். "இனிமே மெசேஜ் பண்ணாதீங்க" என்ற அவள் வரியை எடுத்ததும் எண் சரிந்தது. அதைத் திரும்ப வைத்துவிட்டு, வேப்பமரத்துக்குப் பதிலாக "இங்க மழை வருது" என்று போட்டேன். எண் ஏறியபடியே இருந்தது.

மாடலுக்கு வேப்பமரம் புரியவே இல்லை. சொல்லாத வீட்டை ஒருவன் கண்டுபிடித்து வந்து நிற்பதன் பயம் அதற்குத் தெரியாது. வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் செய்தி வருகிறது என்பதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தேன். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு வந்த குட் மார்னிங்கும் பூவும் மட்டும் சாதாரணமானவையா? ஏழாவது செய்திக்காகக் காத்திருந்தது நாங்கள்தான். அவளுக்கு முதலாவதிலேயே தொடங்கிவிட்டது.

அப்படியானால் மாடல் எதற்கு, 'வேண்டாம்' வந்த பிறகு வரும் செய்திகளை எண்ணினால் போதாதா என்று ஒரு தோழி கேட்டாள். போதாது. ஏனென்றால் நாம் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. "கொஞ்சம் பிஸி." "வீட்ல ஆள் இருக்காங்க." "பாக்கலாம்." "ம்." நேரடியாக மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே பழகிய சொற்கள் இவை. இவற்றைப் பட்டியலில் போட முடியாது. உண்மையிலேயே பிஸியாக இருப்பவளும் இதையேதான் எழுதுவாள். மாடலும் இங்கேதான் அதிகம் தடுமாறியது. காரணம், குறியிட்ட நாங்களே தடுமாறினோம். நான்கு முறை வந்த "ம்" மறுப்புதான் என்று பெண்கள் பெரும்பாலும் குறித்தார்கள். ஆண்கள் பெரும்பாலும் இல்லை என்றார்கள். மூன்று பேர் கொண்ட குழுவில் பெண் ஒருத்திதான் என்றால், அவள் கண்டது வாக்கெடுப்பில் கரைந்துபோகும்.

அந்த விதியை மாற்றக் கேட்டுப் பல நாள் வாதாடினேன். ஒருவர் மட்டும் 'மிரட்டல்' என்று குறித்தாலும் அந்த வரி 'பிரச்சினை இல்லை' ஆகக் கூடாது. தனியாக எடுத்து, முழு உரையாடலோடு மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். வேலை கூடும் என்றார்கள். கூடியது. இன்று அங்கே பட்டியலும் இருக்கிறது, மாடலும் இருக்கிறது. பச்சையான வசவைப் பட்டியல் பார்த்துக்கொள்கிறது. மாடல் சந்தேகப்படும் இடத்தில் செயலி தானாக எதையும் நிறுத்துவதில்லை. செய்தியைப் பெற்றவளிடம், 'இது உங்களைத் தொந்தரவு செய்கிறதா?' என்று கேட்கிறது. அவள் ஆம் என்றால் முழு உரையாடலும் ஒரு மனிதரிடம் போகிறது.

வேப்பமர வரியின் பழைய குறியை நானே மாற்றினேன். மாற்றியதற்குக் காரணம் எழுதும் கட்டத்தில், 'அவள் முகவரி சொல்லவில்லை' என்று எழுதினேன்.