விசில் தாமதமானால்

எங்கள் வீட்டில் விசிலை எண்ணுவது நான்தான். அது தாமதமானதும் மூடியைச் சுற்றிப் பார்த்தேன். ஓரத்தில் ஆவி சீறியது. கேஸ்கட் விறைத்து, வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. அதே கம்பெனியின் அதே அளவு கேஸ்கட் மாட்டியதும் கசிவு நின்றது.

ஆவியும் கசியாமல் வெயிட்டும் எழாமல் இருந்தால்தான் ஆபத்து. ஆவிக்குழாயில் பருப்புத்தோல் அடைத்திருக்கலாம். உடனே அடுப்பை அணைத்து, தானாக ஆறும்வரை தொடக்கூடாது. தினமும் கழுவும்போதே குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

குழாய் அடைத்தால் மிஞ்சும் காவல் சேஃப்டி வால்வுதான். சூடு மிகுந்தால் அதன் நடுவிலுள்ள உலோகம் உருகி, ஆவிக்கு வழிவிடும். அது பிதுங்கினாலும் குழிந்தாலும் புதிய வால்வு வேண்டும்.

“உருகின ஓட்டையைப் பத்தவச்சுக்கலாமே” என்றார் கணவர். பற்றவைத்தால் அடுத்தமுறை அது உருகவேண்டிய சூட்டில் உருகாமல் போகலாம். அடுப்பின் முன் நிற்கப்போவது நான். புது வால்வு வாங்கினேன்.