எட்டுப் பேர் என்று எழுதியது நான்தான்

அந்த நகராட்சியின் குப்பை தரம் பிரிக்கும் கூடத்துக்கு வரைபடமும் கணக்கும் போட்டுக் கொடுத்தவன் நான். ஊரின் பெயர் வேண்டாம். மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். மக்காத குப்பை மட்டும் நாளொன்றுக்கு 5 டன் வரும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணில் பெரிய பிழை இல்லை. பிழை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. அதை நான் தெரிந்தே செய்தேன்.

முதலில் பெல்ட். அகலம் 80 சென்டிமீட்டர். ஓரங்களை விட்டால் குப்பை பரவி வரும் அகலம் 60. அதன்மேல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் குப்பை, வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர். அழுத்தாமல் உதிரியாகக் கொட்டிய மக்காத குப்பை ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ என்று கொண்டேன். இவற்றைப் பெருக்கினால் மணிக்கு 2 டன்னுக்கு மேல் வருகிறது. அதாவது 5 டன்னும் இரண்டரை மணி நேரத்தில் பெல்ட்டைக் கடந்துவிடும். ஒரே ஷிஃப்ட் தாராளம் என்று எழுதினேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. மெஷின் விற்க வந்தவருக்கும் மகிழ்ச்சி.

கடந்துபோவது வேறு, பிரிபடுவது வேறு. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சம்பளத்துக்கு ஒதுக்கியிருந்த தொகையில், கூடத்தில் பெல்ட் ஓரம் நிற்க எட்டுப் பேருக்குத்தான் இடம் இருந்தது. ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். 5 டன்னை எட்டு மணி நேரத்தால் வகுத்து, மறுபடியும் எட்டுப் பேரால் வகுத்தால் 78 வரும். அதை 80 ஆக்கி, ‘ஓர் ஆள் மணிக்கு 80 கிலோ பிரிப்பார்’ என்று அனுமானங்கள் பக்கத்தில் எழுதினேன். விடையாக வந்த எண்ணைத் தரவு மாதிரி உட்கார வைத்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கூடம் ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே உண்மை குவியலாகத் தெரிந்தது. இரவில் மிச்சமிருந்த குப்பைமேல் காலையில் புதுக் குப்பை விழுந்தது. நாளுக்கு 2 டன் மிச்சம் என்றால் அது 40 கன மீட்டர். கொட்டும் தளம் பத்துக்குப் பத்து மீட்டர். ஆள் நடமாட வேண்டும் என்றால் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் குவிக்க முடியாது. நாலு நாளில் தளம் நிரம்பி, வண்டிகள் வாசலிலேயே கொட்டத் தொடங்கின.

நான் சொன்ன வைத்தியம், பெல்ட் வேகத்தைக் கூட்டுவது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டியில் குமிழைத் திருப்பினால் போதும். குவியலும் கரைந்தது. இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். பிறகு, பெல்ட்டின் கடைசியில் விழுவதை சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாக ஏற்றும் இடத்தில் போய் நின்று பார்த்தேன். பால் கவரும் பெட் பாட்டிலும் அட்டையுமாக, விற்றுக் காசாக்க வேண்டிய சரக்கெல்லாம் அந்த லாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கூடத்துக்கு ஆள் போதவில்லை என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. கடைசிக் குவியலில் இரண்டு கூடை அள்ளிக் கொட்டிப் பார்த்தால் போதும். பெல்ட் ஓரம் நின்ற அக்கா ஒருவர் சொன்னார்: “சார், பெல்ட்டு வேகமா ஓடுனா குப்பைதான் வேகமா போவும். எங்க கை அதே கைதானே.”

அதன் பிறகுதான், வரைபடம் போடும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் வெற்றுச் சாக்கு வைத்து, கால் மணி நேரம் பிரித்ததை எடை போட்டேன். நல்ல பழக்கமுள்ள கை நிமிடத்துக்கு முப்பது தடவை எடுத்துப் போடுகிறது. கொஞ்ச நேரம் அதைவிட வேகமாகவும் முடியும், ஆனால் நாள் முழுக்க முடியாது. ஒரு தடவை கைக்கு வருவது ஒரு பாட்டிலாக இருக்கலாம், சேர்ந்தாற்போல் நாலைந்து கவராக இருக்கலாம். எங்கள் குப்பையில் அது சராசரி 20 கிராம். ஆக நிமிடத்துக்கு 600 கிராம், மணிக்கு 36 கிலோ. நான் எழுதிய 80-இல் பாதிகூட இல்லை. கண்ணாடி பாட்டிலும் பழைய இரும்பும் நிறைய வரும் ஊரில் இந்த எண் கூடும். எங்கள் ஊர்க் குப்பையில் பெரும்பகுதி கவர்.

எட்டு மணி நேரம் என்பதும் பொய்தான். கவர் போய் உருளையில் சுற்றிக்கொள்ளும். பெல்ட்டை நிறுத்தி, ஒருவர் குனிந்து கத்தியால் கீறிக் கீறி உரித்தெடுக்க வேண்டும். டீ, சாப்பாடு, சாக்கு மாற்றுவது, கடைசியில் பெருக்கிக் கழுவுவது எல்லாம் போக, பெல்ட் ஓடுவது ஆறு மணி நேரம். ஆகவே ஓர் ஆள் நாளுக்குப் பிரிப்பது 216 கிலோ.

இனி கணக்கை நேராகப் போடலாம். 5 டன்னையும் கையால் எடுக்க வேண்டியதில்லை. எடுக்க வேண்டியது சுமார் 60 சதவீதம், அதாவது 3 டன். மிச்சம் பெல்ட் முனையில் தானாக விழட்டும். 3,000 கிலோவை 216-ஆல் வகுத்தால் பதினான்கு பேர். நான் கொடுத்தது எட்டு.

பெல்ட்டின் நீளம் 6 மீட்டர்தான். ஓர் ஆள் நின்று கை வீச 1.2 மீட்டர் வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர், மொத்தம் பத்துப் பேருக்கு மேல் நிற்க இடமில்லை. இரண்டாவது ஷிஃப்ட் வைக்கலாம் என்றால், வேலை செய்பவர்கள் எல்லோரும் பெண்கள். இரவு பத்து மணிக்கு ஊருக்கு வெளியே உள்ள அந்தக் கூடத்திலிருந்து பஸ் இல்லை. ஆகவே கொட்டும் தளத்திலேயே இரண்டு பேரை நிறுத்தி, பெல்ட்டில் ஏறும் முன்பே அட்டைப் பெட்டிகளையும் கடைகளிலிருந்து கட்டி வரும் மூட்டைகளையும் எடுக்கச் சொன்னோம். ஒரு பெட்டியைத் தூக்கினாலே கால் கிலோ. இருவருமாக நாளுக்கு 800 கிலோ ஒதுக்கினார்கள். பெல்ட்டில் பிரிக்க மிஞ்சியது 2,200 கிலோ. அதற்குப் பத்துப் பேர் ஏறக்குறையப் போதும், நிற்க இடமும் இருக்கிறது.

வேகத்தை நொடிக்கு 10 சென்டிமீட்டராகக் குறைத்தோம். குப்பை ஆறேழு சென்டிமீட்டர் கனத்துக்கு மெல்ல வருகிறது. அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பொருள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் பன்னிரண்டு நொடி இருக்கிறது. பழைய வேகத்தில் அது ஆறு நொடி, நான் கூட்டிவிட்ட வேகத்தில் அதைவிடக் குறைவு.

இந்தக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. பத்தில் ஒருவர் தினமும் வரமாட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அட்டை மலைபோல வரும். அதனால் இரண்டு மாற்று ஆட்களையும் சேர்த்துப் பதினான்கு பேர் வேண்டும் என்று திருத்திய அறிக்கை கொடுத்தேன். பேல் கட்டும் மெஷினுக்கும் பெல்ட்டில் குப்பை தள்ளுவதற்கும் ஆள் தனி. அலுவலகத்தில் பழைய அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, ‘மணிக்கு 80 கிலோ என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், இப்போது எப்படிக் குறைந்தது?’ என்று கேட்டார்கள். பணியாளர்களின் திறமை குறைவோ என்று ஒருவர் ஐயப்பட்டார். அந்த 80-ஐ நான் இட்டுக்கட்டினேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ‘கள நிலவரம் மாறியிருக்கிறது’ என்றேன். கோப்பில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. கூடுதலாக நான்கு பேருக்கு அனுமதி கிடைத்தது. மீதி இரண்டு பேருக்கான கேள்வியில், குறைவாக வேலை செய்பவர்கள் என்ற பெயர் அந்தப் பெண்கள் மேலேயே நிற்கிறது.