எட்டாவது சர்வர்

டெவ்ஆப்ஸ் நேர்முகத் தேர்வில், "புதிய நிரலைப் பாதுகாப்பாக வெளியிடுவது எப்படி?" என்று கேட்பார்கள். புதுச்சத்திரத்தில் அதற்காகப் படிக்கையில் என்னை உலுக்கியது, பங்கு வணிகம் செய்த அமெரிக்க நிறுவனமான நைட் கேப்பிட்டலின் கதை.

எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரலை ஏற்றினர். எட்டாவதைச் சரிபார்ப்பார் இல்லை. பழைய நிரலை இயக்கிய குறியீட்டையே புதியதற்கும் வைத்திருந்தனர். 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய நிரல் விழித்து, ஓயாமல் பங்கு ஆணைகளை அனுப்பியது. பதறியவர்கள் ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். குறியீடு நீங்காததால் அவற்றிலும் பழையதே ஓடியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்!

ஆகவே என் விடை இதுதான்: ஒரு சர்வரில் வெள்ளோட்டம் பார்த்துப் பிறவற்றில் ஏற்றுக, எல்லாம் ஒரே பதிப்பைச் சொல்லும்வரை குறியீட்டைத் திறவாதீர், பின்வாங்கும்போது முதலில் குறியீட்டை அணைத்திடுக.