அந்த வளைவு காற்று இல்லை

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் தங்கச்சி, மூடிய குழாயின் நிலை அலைப் படத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, மூடின பக்கம் காற்று சுவத்துல போய் மோதுது. அங்கதானே எல்லாமே அதிகமா இருக்கணும்? ஏன் கணுன்னு போட்டிருக்காங்க?"

கேள்வி சரியானது. குழப்பம் படத்தில் இருக்கிறது. குழாய்க்குள் மேலும் கீழுமாக வளைந்த கோட்டைப் பார்த்தால், காற்றே அப்படி நெளிகிற மாதிரி தோன்றும். ஆனால் ஒலி நெட்டலை. காற்று குழாயின் நீளவாக்கில் முன்னும் பின்னும்தான் அசையும். எந்த இடத்தில் எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்டும் வரைபடம்தான் அந்த வளைவு; அதைக் குழாய்க்குள்ளேயே வரைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மூடிய முனையில் சுவர் இருப்பதால் காற்று அசைய முடியாது. அதனால் அங்கே கணு. திறந்த முனையில் தடை இல்லை, அங்கே எதிர்க்கணு. ஆனால் இதெல்லாம் இடப்பெயர்ச்சிக்கு. அழுத்தத்துக்குப் படம் தலைகீழ். சுவரை நோக்கி வரும் காற்று நகர இடமில்லாமல் நெருங்குகிறது, அரை அலைவு கழித்து விலகுகிறது. அழுத்தம் அதிகமா ஏறி இறங்குவது அங்கேதான். சின்ன மைக்கை உள்ளே விட்டால் மூடிய முனையில்தான் சத்தம் அதிகமாகப் பதியும். தங்கச்சி சொன்னது அழுத்தத்தை. புத்தகம் வரைந்தது இடப்பெயர்ச்சியை.

படத்தை நம்பி அளக்கும்போது இன்னொரு சிக்கலும் வரும். லேபில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை, தண்ணீர் நிரப்பிய 4 செ.மீ. விட்டமுள்ள குழாயின் வாயருகே பிடிக்கிறோம். தண்ணீர்மட்டம்தான் மூடிய முனை. மட்டத்தை இறக்கும்போது 15.8 செ.மீ.யில் முதல்முறை சத்தம் ஓங்குகிறது என்று வையுங்கள். படத்தில் ஒரு கணு, ஒரு எதிர்க்கணு. அதாவது கால் அலைநீளம். கணக்கு போட்டால் வேகம் 324 மீ/வி. முப்பது டிகிரி வெயிலில் 349 வந்திருக்க வேண்டும்!

காரணம், எதிர்க்கணு சரியாகக் குழாயின் விளிம்பில் உட்காருவதில்லை. வெளியே உள்ள காற்றும் கொஞ்சம் சேர்ந்து அசைவதால், விட்டத்தில் சுமார் 0.3 பங்கு, இங்கே 1.2 செ.மீ., விளிம்பைத் தாண்டி நிற்கிறது. இதுதான் முனைத் திருத்தம். இன்னும் மட்டத்தை இறக்கினால் 49.9 செ.மீ.யில் மறுபடியும் ஓங்கும். இப்போது முக்கால் அலைநீளம். நடுவில் இன்னொரு கணு வந்திருக்கும். இரண்டு நீளங்களையும் கழித்தால் திருத்தம் தானாக அடிபட்டுப் போகும். மிச்சம் 34.1 செ.மீ., அரை அலைநீளம். வேகம் 349 மீ/வி.

அதனால் படம் வரையும்போது ரெண்டு வேலை செய்யுங்க. வளைவு பக்கத்தில் 'இடப்பெயர்ச்சி' என்று எழுதுங்க. மேல் எதிர்க்கணுவை விளிம்புக்குச் சற்று வெளியே குறியுங்க.