தெருவை அளந்து பார்ப்போம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையோரம் மெல்ல நகர்ந்து போனது. அதற்குள் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வடிந்த பிறகு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அறிவியல் செயல்திட்டத்துக்கு ஒரு தலைப்போடு என்னிடம் வந்தார்கள்: “வெள்ளத்துக்கு யார் காரணம்?”

“பதில் உங்களுக்கு இப்பவே தெரியுமா?” என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஆளுக்கொரு பதில், அதுவும் அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளும் பதில். இந்தக் கேள்வியை எதைக் கொண்டு அளப்பது? எந்த அளவு வந்தால் நம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வோம்? இந்த இரண்டுக்கும் விடை இல்லாவிட்டால் அது ஆய்வுக் கேள்வி ஆகாது, பட்டிமன்றத் தலைப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து, “2015ஐவிட இப்போது வடிகால்கள் நன்றாக வேலை செய்தனவா?” என்று மாற்றினார்கள். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் 2015இல் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. 2023இல் நகரத்தின் மேலேயே விடாமல் மழை கொட்டியது. மழையும் வேறு, தண்ணீர் வந்த வழியும் வேறு. அந்த இரண்டு ஆண்டுகளை வைத்து வடிகாலுக்கு மதிப்பெண் போட முடியாது.

பேசிப் பேசிக் கடைசியில் இப்படி ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்தோம்: ஒரே உயரத்தில் உள்ள இரண்டு தெருக்களில், மழைநீர் வடிகால் உள்ள தெருவிலும் இல்லாத தெருவிலும் தண்ணீர் வடிய எத்தனை மணி நேரம் ஆனது?

இதில் ‘ஒரே உயரத்தில்’ என்பதுதான் உயிர். பள்ளமான தெருவில் எப்படியும் தண்ணீர் அதிக நேரம் நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் வடிகாலைப் புகழ்ந்தாலும் தவறு, பழித்தாலும் தவறு. உயரம் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் போதும். இரு முனையிலும் நீர்மட்டம் சமமாக நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழி சிக்கினால் மட்டம் பொய் சொல்லும். அதனால் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும்.

வெள்ளக் கறையையும் அளக்கலாம். சுவரில் ஈரம் மேலே ஏறியிருக்கும் என்பதால் இரும்புக் கேட்டில் உள்ள கறையே நம்பகமானது. கறை வாசல் தரையிலிருந்து 60 செ.மீ., அந்தத் தரை தெருவின் தாழ்ந்த இடத்தைவிட 25 செ.மீ. உயரம் என்றால், தாழ்ந்த இடத்தில் 85 செ.மீ. தண்ணீர் நின்றிருக்கிறது. ஓடாமல் நின்ற தண்ணீர் மட்டமாகத்தான் இருக்கும். ஆகவே எதிர்வீட்டுக் கணக்கிலும் ஏறக்குறைய இதே அளவு வர வேண்டும். வெகுவாக மாறினால் யாரோ தவறாக அளந்திருக்கிறார்கள்.

வடிந்த நேரத்தை மக்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். “அதிகாரிகள் கண்டுகொள்ளவே இல்லையா?” என்று கேட்டால் கோபம்தான் பதிலாக வரும். “கரண்ட் திரும்ப வந்தப்போ தெருவில தண்ணி இருந்துச்சா?” என்று கேட்டால் நினைவு சரியாக வேலை செய்யும். மோட்டார் வைத்து இறைத்தார்களா, எப்போது என்பதையும் தவறாமல் கேட்க வேண்டும். இறைத்த தெருவில் தண்ணீர் வடிந்ததை வடிகாலின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரு பையன் கேட்டான்: “சார், வடிகால் வாயில் குப்பை அடைச்சிருந்தா எழுதலாமா? அரசியல் ஆயிடாதா?”

எழுதத்தான் வேண்டும். சாய்வு இல்லாமல் எழுதுவது என்றால் சங்கடமான உண்மையை விட்டுவிடுவது என்று பொருள் இல்லை. எந்த வாய் அடைத்திருந்தது, எந்தத் தேதியில் பார்த்தோம், எதனால் அடைத்திருந்தது என்று எழுதலாம். யாருடைய அலட்சியம் என்பதை நம் டேப் அளக்கவில்லை. ஆகவே அதை எழுதக் கூடாது. வடிகால் உள்ள தெருவில் சீக்கிரம் வடிந்திருந்தால் அதையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். எது வரும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை அளப்பதற்கு முன்பே நோட்டில் எழுதித் தேதி போட்டு வைத்தால், பின்னால் முடிவை நம் விருப்பத்துக்கு வளைக்க முடியாது.

இரண்டு தெருக்களை வைத்துச் சென்னை முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. தென்சென்னைப் புறநகரின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். அந்த வழி நிரம்பி நின்றால் தெரு வடிகால் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகாது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளைகள் செய்தித்தாளோடு வந்தால், “அரசியல் வேண்டாம்” என்று அனுப்பிவிடாதீர்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் அதே டேப்பைப் பிடித்தாலும் ஒரே அளவு வரும்படியான கேள்வி கிடைக்கும்வரை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.